அத்தியாயம் 7: பெரிய வட்டி நகர்வும் முறியின் விலையும் – கன்வெக்சிட்டித் திருத்தம்

2022 ஏப்ரல் 8 ஆம் திகதி இலங்கை மத்திய வங்கி தன் கொள்கை வட்டி வீதங்களை ஒரே நாளில் 700 அடிப்படைப் புள்ளிகள் உயர்த்தியது. துணைநில் வைப்பு வசதி வீதம் 6.50 சதவீதத்திலிருந்து 13.50 ஆகவும், துணைநில் கடன்வழங்கல் வசதி வீதம் 7.50 இலிருந்து 14.50 ஆகவும் ஏறின. நான்கு நாட்கள் கழித்து அரசாங்கம் வெளிநாட்டுக் கடன் கொடுப்பனவுகளை இடைநிறுத்துவதாக அறிவித்தது. அந்த ஆண்டின் இறுதிக்குள் 91 நாள் திறைசேரி உண்டியலின் விளைவு 30 சதவீதத்தைத் தாண்டியிருந்தது.

அப்போது கையில் திறைசேரி முறி வைத்திருந்தவர்களின் கேள்வி ஒன்றுதான்: இப்போது விற்றால் எவ்வளவு வரும்? சென்ற அத்தியாயத்தில் பார்த்த டியூரேஷன் இதற்கு உடனே ஒரு பதில் தரும். அரை சதவீதம், ஒரு சதவீத நகர்வுக்கு அந்தப் பதிலை நம்பலாம். 7 சதவீத நகர்வுக்கு அது 100 ரூபாவில் 10 ரூபாவுக்கு மேல் பிழையாகச் சொல்லும். அந்தப் பிழையைத் திருத்துவது எப்படி, திருத்திய பின்னும் எவ்வளவு பிழை எஞ்சும், அது எந்தப் பக்கம் சாயும் என்பவற்றை இந்த அத்தியாயம் ஒரே முறியை வைத்துக் காட்டுகிறது.

கணக்குக்கு எடுக்கும் முறி

கட்டுகஸ்தோட்டையில் ஒரு மரணாதாரச் சங்கம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். உறுப்பினர்களின் சந்தாவில் சேர்ந்த 50 இலட்சம் ரூபாவைப் பத்து ஆண்டுத் திறைசேரி முறியில் போட்டிருக்கிறது. கூப்பன் வீதம் 10 சதவீதம். இலங்கையின் திறைசேரி முறிகள் ஆண்டுக்கு இருமுறை கூப்பன் தருபவை. ஆகவே ஒவ்வொரு 100 ரூபா முகப்பெறுமதிக்கும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை 5 ரூபா வரும். பத்தாம் ஆண்டின் முடிவில் 100 ரூபா முதலும் வரும். வாங்கிய நாளில் சந்தை விளைவும் 10 சதவீதம் என்பதால் விலை சரியாக 100 ரூபா.

சங்கமும் முறியும் விளக்கத்துக்காக அமைத்தவை. எண்கள் சுலபமாக இருக்க வேண்டும் என்பதற்காக விலையை 100 இல் தொடங்கினேன். கணக்கு முறை எந்தத் திறைசேரி முறிக்கும் பொருந்தும்.

விளைவு ஒவ்வொரு சதவீதமாக ஏறும்போது இந்த முறியின் உண்மை விலை எப்படி இறங்குகிறது என்று முதலில் பாருங்கள். எதிர்காலத்தில் வரவேண்டிய ஒவ்வொரு ரூபாவையும் புதிய விளைவில் தள்ளுபடி செய்து கூட்டியதால் கிடைத்த விலைகள் இவை.

| விளைவு | விலை (ரூபா) | கடைசி ஒரு சதவீத ஏற்றத்தில் இழந்தது |
|---|---|---|
| 10% | 100.00 | – |
| 11% | 94.02 | 5.98 |
| 12% | 88.53 | 5.49 |
| 13% | 83.47 | 5.06 |
| 14% | 78.81 | 4.66 |
| 15% | 74.51 | 4.30 |
| 16% | 70.55 | 3.96 |
| 17% | 66.88 | 3.67 |

மூன்றாம் நிரலில்தான் இந்த அத்தியாயத்தின் விஷயமே இருக்கிறது. முதல் சதவீதம் ஏறியபோது 5.98 ரூபா போனது. ஏழாம் சதவீதம் ஏறியபோது 3.67 ரூபாதான் போனது. ஒவ்வொரு படியிலும் அடி மெலிகிறது. காரணம், விளைவு ஏற ஏறத் தொலைவில் இருக்கும் பணத்தின் இன்றைய பெறுமதி மற்றெல்லாவற்றையும் விட வேகமாகச் சுருங்குகிறது. பத்தாம் ஆண்டில் வரும் 100 ரூபா 10 சதவீத விளைவில் இன்று 37.69 ரூபா பெறும்; 17 சதவீதத்தில் 19.56 ரூபாதான். முறியின் பெறுமதியில் கிட்டத்தில் வரும் கூப்பன்களின் பங்கு கூடுகிறது. வட்டி மாற்றம் அவற்றை அவ்வளவாக ஆட்டுவதில்லை.

டியூரேஷனுக்கு இந்த மெலிவு தெரியாது. தொடக்கப் புள்ளியில் விலை எந்தச் சரிவில் இறங்குகிறதோ அதே சரிவிலேயே கடைசிவரை இறங்கும் என்று அது எடுத்துக்கொள்கிறது. இரவில் கடுகண்ணாவை ஏற்றத்தில் வரும் வாகனத்தின் முன்விளக்கு நேராகத்தான் அடிக்கும். பாதை வளைந்து போகும். பக்கத்தில் உள்ள சில அடிகளுக்கு வெளிச்சமும் பாதையும் ஒன்றுதான். தூரம் போகப் போக விலகும். அந்த வளைவின் அளவுதான் கன்வெக்சிட்டி.

மூன்று விலைகள் போதும்

கன்வெக்சிட்டியைக் கணிக்கப் பாடநூல்களில் நீண்ட சூத்திரம் ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு கூப்பனையும் அதன் காலத்தால் இருமுறை பெருக்கிக் கூட்ட வேண்டும். நடைமுறைக்கு அது தேவையில்லை. ஒரே முறிக்கு மூன்று விலைகள் இருந்தால் டியூரேஷன், கன்வெக்சிட்டி இரண்டும் கிடைத்துவிடும்: இன்றைய விளைவில் ஒரு விலை, அதற்கு ஒரு சதவீதம் மேலே ஒன்று, ஒரு சதவீதம் கீழே ஒன்று.

நம் முறிக்கு அவை:

10 சதவீதத்தில் 100.0000 ரூபா
11 சதவீதத்தில் 94.0248 ரூபா
9 சதவீதத்தில் 106.5040 ரூபா

டியூரேஷனுக்கு, மேல் விலைக்கும் கீழ் விலைக்கும் உள்ள வித்தியாசத்தை எடுங்கள்: 106.5040 − 94.0248 = 12.4792. இதை 2 × 100 × 0.01, அதாவது 2 ஆல் வகுத்தால் 6.24. விளைவு ஒரு சதவீதம் நகர்ந்தால் விலை சுமார் 6.24 சதவீதம் எதிர்த்திசையில் நகரும் என்பது இதன் பொருள்.

கன்வெக்சிட்டிக்கு, இரு ஓர விலைகளையும் கூட்டி நடு விலையின் இரு மடங்கைக் கழியுங்கள்: 106.5040 + 94.0248 − 200 = 0.5288. இதை 100 × 0.01 × 0.01, அதாவது 0.01 ஆல் வகுத்தால் 52.88.

கூட்டிக் கழித்தபோது மிஞ்சிய 0.5288 எங்கிருந்து வந்தது? வட்டி இறங்கியபோது முறி 6.50 ரூபா ஏறியது. அதே அளவு வட்டி ஏறியபோது 5.98 ரூபாதான் இறங்கியது. ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் இடையிலான இந்தச் சமமின்மையே மிஞ்சிய எண். விலை நேர்கோட்டில் ஓடியிருந்தால் அது பூச்சியமாகியிருக்கும்.

விரிதாளில் இதைச் செய்ய ஐந்து கலங்கள் போதும்:

```
B1: =PRICE(DATE(2022,4,8),DATE(2032,4,8),0.10,0.10,100,2,1)
B2: =PRICE(DATE(2022,4,8),DATE(2032,4,8),0.10,0.11,100,2,1)
B3: =PRICE(DATE(2022,4,8),DATE(2032,4,8),0.10,0.09,100,2,1)
B4: =(B3-B2)/(2*B1*0.01)
B5: =(B3+B2-2*B1)/(B1*0.01^2)
```

அடைப்புக்குள் வரிசையாக இருப்பவை: பணம் கைமாறும் நாள், முறி முதிரும் நாள், கூப்பன் வீதம், விளைவு, முகப்பெறுமதி 100, ஆண்டுக்கு 2 கூப்பன்கள், உண்மை நாட்களை எண்ணும் முறையைக் குறிக்கும் 1. B4 டியூரேஷன், B5 கன்வெக்சிட்டி.

இரண்டு இடங்களில் கை தவறும். முதலாவது, தசமங்கள். கன்வெக்சிட்டி மிகச் சிறிய ஒரு மிச்சத்தை மிகச் சிறிய எண்ணால் வகுத்து வருவது. விலைகளை 106.50, 94.02 என்று இரண்டு தசமங்களுக்குச் சுருக்கிவிட்டால் மிச்சம் 0.52 ஆகி, கன்வெக்சிட்டி 52 ஆகிவிடும். ஓரங்களை ஒரு சதவீதத்துக்குப் பதிலாகக் கால் சதவீதமாக எடுத்திருந்தால் இதே சுருக்கல் விடையை முற்றாகக் குலைத்துவிடும். விலைகளைக் குறைந்தது நான்கு தசமங்களுடன் வையுங்கள்.

இரண்டாவது, கூப்பன் நாட்களுக்கு இடையில் கணக்குப் பார்க்கும்போது வருவது. PRICE தருவது அட்டுறு வட்டி சேராத விலை. வாங்குபவர் கொடுப்பதோ அட்டுறு வட்டியும் சேர்ந்த தொகை. கடைசிக் கூப்பனுக்குப் பின் நான்கு மாதம் கழிந்திருந்தால் நம் முறியில் அது 3.30 ரூபா அளவில் இருக்கும். அப்படியான நாட்களில் மூன்று விலைகளுடனும் அட்டுறு வட்டியைக் கூட்டிவிட்டு வகுத்தலைச் செய்ய வேண்டும். கூட்டாவிட்டால் டியூரேஷனும் கன்வெக்சிட்டியும் இருக்க வேண்டியதை விடச் சற்றுப் பெரிதாக வரும்.

திருத்தத்தைச் சேர்த்தல்

இரண்டு எண்களும் வந்த பின் விலை மாற்றத்தை மதிப்பிடும் சூத்திரம் இது. விளைவின் நகர்வு Δy என்றால்:

```
விலை மாற்ற விகிதம் = −D × Δy + ½ × C × (Δy)²
```

D டியூரேஷன், C கன்வெக்சிட்டி. நகர்வைத் தசமத்தில் எழுத வேண்டும். 7 சதவீதம் என்றால் 0.07.

சங்கத்தின் முறிக்கு இதைப் போடுவோம். டியூரேஷன் பகுதி: 6.24 × 0.07 = 0.4368, அதாவது 43.68 சதவீத இறக்கம். அதோடு நிறுத்தினால் விலை 56.32 ரூபா. கன்வெக்சிட்டிப் பகுதி: ½ × 52.88 × 0.0049 = 0.1296, அதாவது 12.96 சதவீதம் திரும்பக் கூட வேண்டும். திருத்திய விலை 69.28 ரூபா. அட்டவணையில் உள்ள உண்மை விலை 66.88.

இதே கணக்கை வேறு நகர்வுகளுக்கும் செய்தால் படம் தெளிவாகும்.

| விளைவின் நகர்வு | டியூரேஷன் மட்டும் | கன்வெக்சிட்டியுடன் | உண்மை விலை |
|---|---|---|---|
| +1% | 93.76 | 94.02 | 94.02 |
| +3% | 81.28 | 83.66 | 83.47 |
| +7% | 56.32 | 69.28 | 66.88 |
| −3% | 118.72 | 121.10 | 121.32 |

ஒரு சதவீத நகர்வில் டியூரேஷன் 26 சதம் தவறுகிறது. பலருக்கு அது பொருட்டல்ல. மூன்று சதவீதத்தில் 2 ரூபாவுக்கு மேல் தவறுகிறது; திருத்தம் அதை 19 சதமாகக் குறைக்கிறது. ஏழு சதவீதத்தில் டியூரேஷன் 10.56 ரூபா தவறுகிறது. திருத்திய பின்னும் 2.40 ரூபா எஞ்சுகிறது. நகர்வு இரு மடங்கானால் திருத்தம் நான்கு மடங்காகும், ஏனென்றால் அதில் நகர்வின் வர்க்கம் இருக்கிறது. சிறு நகர்வில் அது கண்ணில் படாததும் பெரு நகர்வில் தவிர்க்க முடியாததும் அதனால்தான்.

எல்லா முறிக்கும் இந்தத் திருத்தம் ஒரே அளவில் வேண்டியதில்லை. இதே கூப்பனில் இரண்டே ஆண்டுத் தவணை உள்ள முறியின் டியூரேஷன் 1.77, கன்வெக்சிட்டி சுமார் 4. ஏழு சதவீத ஏற்றத்துக்கும் அதன் திருத்தம் ஒரு ரூபாதான். தவணை நீளும்போது கன்வெக்சிட்டி டியூரேஷனை விட வேகமாக வளர்கிறது. ஆகவே எட்டு, பத்து ஆண்டுகளுக்கு மேற்பட்ட முறிகளை வைத்திருப்பவர்தான் இதில் முக்கியமாகக் கவனம் வைக்க வேண்டும்.

எஞ்சும் பிழை எந்தப் பக்கம்?

மேலே உள்ள அட்டவணையில் ஓர் ஒழுங்கு தெரியும். வட்டி 3, 7 சதவீதம் ஏறிய வரிகளில் உண்மை விலை இரண்டு மதிப்பீடுகளுக்கும் நடுவில் இருக்கிறது. டியூரேஷன் கீழே நிற்கிறது. திருத்தியது மேலே நிற்கிறது. ஏற்றம் ஒரு சதவீதத்தைத் தாண்டினால், நிலையான கூப்பன் தரும், இடையில் திருப்பி அழைக்க முடியாத எந்த முறிக்கும் இது மாறாது. ஆகவே வட்டி ஏறும் காலத்தில் இரு எண்களையும் இரு பக்க வேலிகளாக எடுத்துக்கொள்ளலாம்: விலை டியூரேஷன் சொல்வதற்குக் கீழே போகாது, திருத்தியதற்கு மேலே போகாது.

வட்டி இறங்கும்போது இந்த நடுநிலை இல்லை. கடைசி வரியில் உண்மை விலை இரண்டுக்கும் மேலே இருக்கிறது. இறங்கும் வட்டியில் டியூரேஷனும் குறைத்துச் சொல்லும், திருத்தமும் குறைத்துச் சொல்லும். ஆதாயத்தைக் குறைவாக எண்ணி முறியை அவசரப்பட்டு விற்கும் தவறு இங்குதான் நடக்கும்.

அப்படி ஒரு காலம் 2023 இல் வந்தது. ஜூன் 1 ஆம் திகதி மத்திய வங்கி கொள்கை வீதங்களை 250 அடிப்படைப் புள்ளிகள் குறைத்தது. ஜூலையில் மேலும் 200. நவம்பர் முடியும்போது அவை 9, 10 சதவீதங்களில் இருந்தன. நம் முறி 17 சதவீத விளைவில் 66.88 ரூபாவில் இருக்கும்போது விளைவு மறுபடி 10 க்கு இறங்குவதாக வைத்துக்கொள்ளுங்கள்; இடையில் கழிந்த காலத்தைக் கணக்குக்காக ஒதுக்கிவிடுவோம். முதலில் செய்ய வேண்டியது டியூரேஷனையும் கன்வெக்சிட்டியையும் புதிதாகக் கணிப்பது. 16 சதவீதத்தில் விலை 70.5456, 18 இல் 63.4858. இவற்றிலிருந்து டியூரேஷன் 5.28, கன்வெக்சிட்டி 41.08. பழைய 6.24 ஐயும் 52.88 ஐயும் இங்கே போடக் கூடாது. அவை 10 சதவீதத்தில் நின்று எடுத்த அளவுகள்.

டியூரேஷன் மட்டும் 91.59 ரூபா என்கிறது. திருத்தம் சேர்த்தால் 98.32. உண்மை விலை 100. இரண்டும் கீழேதான் நிற்கின்றன.

அதே இரு எண்களில் நெருக்கமான விடை

எஞ்சும் பிழையைப் பெருமளவு நீக்க ஒரு வழி உண்டு. புதிய தரவு எதுவும் வேண்டாம். சூத்திரத்தின் அமைப்பைத்தான் மாற்றுகிறோம். விலை இறங்கும்போது ஒவ்வொரு படியும் அந்தப் படியில் மிஞ்சியுள்ள விலையின் சதவீதமாகத்தான் இறங்குகிறது. ஆகவே விலையை நேரடியாக மதிப்பிடாமல் அதன் மடக்கையை மதிப்பிட்டால் வளைவு மிகவும் குறைந்துவிடும்:

```
B6: =B1*(1-B4*0.07+0.5*B5*0.07^2)
B7: =B1*EXP(-B4*0.07+0.5*(B5-B4^2)*0.07^2)
```

B6 வழக்கமான திருத்தம், 69.28 தரும். B7 மடக்கை வழி. 6.24 இன் வர்க்கம் சுமார் 38.93, அதை 52.88 இலிருந்து கழித்தால் 13.95. பாதியை 0.0049 ஆல் பெருக்கினால் 0.0342. இதோடு −0.4368 ஐச் சேர்த்தால் −0.4026. அதை EXP இல் போட்டால் 0.6686. விலை 66.86 ரூபா. உண்மை விலையிலிருந்து 2 சதம்தான் விலகல்.

17 இலிருந்து 10 க்கு இறங்கும் கணக்கில் இதே வழி 99.96 தருகிறது, உண்மை 100. மூன்று சதவீதத்துக்கு மேற்பட்ட நகர்வுக்கு நான் பரிந்துரைப்பது இந்த வடிவத்தைத்தான். ஆனால் மேலே சொன்ன வேலி ஒழுங்கு வழக்கமான சூத்திரத்துக்கே உரியது. மடக்கை வழியின் விடை உண்மை விலைக்கு இரு பக்கமும் விழலாம்.

PRICE இருக்கும்போது 17 சதவீதத்தை நேராகப் போட்டு உண்மை விலையையே எடுக்கலாமே என்று கேட்பீர்கள். ஒரே முறி, அதன் கூப்பனும் முதிர்வும் கையில், விரிதாளும் பக்கத்தில் என்றால் அதைத்தான் செய்ய வேண்டும். கன்வெக்சிட்டி உதவுவது முறிகளின் தொகுதியை மதிப்பிடும்போது. பத்துப் பதினைந்து முறிகள் உள்ள ஒரு நிதியத்தின் டியூரேஷனும் கன்வெக்சிட்டியும் தெரிந்தால், தனித்தனி முறிகளின் விவரம் இல்லாமலே ஒரு பெரிய நகர்வின் தாக்கத்தை மதிப்பிடலாம். தொகுதியின் கன்வெக்சிட்டி என்பது ஒவ்வொரு முறியின் கன்வெக்சிட்டியையும் அதன் சந்தைப் பெறுமதியின் பங்கால் பெருக்கிக் கூட்டியது.

பிறர் தரும் கன்வெக்சிட்டி எண்ணைப் பயன்படுத்தும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். சிலர் அதை 100 ஆல் வகுத்து 0.53 என்று எழுதுவர். சிலர் அரையாண்டுக் கணக்கில் 211 என்று தருவர். ஆண்டுக் கணக்குக்கு அதை 4 ஆல் வகுக்க வேண்டும். சிலர் ½ ஐ ஏற்கனவே உள்ளே சேர்த்திருப்பர். எந்த அளவு என்று அறிய, ஒரு சதவீத நகர்வுக்குத் திருத்தம் எவ்வளவு வருகிறது என்று பாருங்கள். பத்தாண்டு முறிக்கு அது 100 ரூபாவில் கால் ரூபா அளவில் இருக்க வேண்டும். ஒரு ரூபாவுக்கு மேல் வந்தாலோ, ஒரு சதத்துக்குக் கீழ் வந்தாலோ அளவு மாறியிருக்கிறது.

எந்த நகர்வைப் போடுவது?

சூத்திரத்தைச் சரியாகப் போட்டும் விடை பிழைப்பதற்குப் பெரும்பாலும் காரணம் Δy. 2022 ஏப்ரலில் 700 புள்ளிகள் ஏறியது ஒரு நாள் பணத்துக்கான கொள்கை வீதம். பத்தாண்டு முறியின் விளைவு அதே நாளில் அதே அளவு நகரும் என்று எந்த விதியும் இல்லை. அந்த ஆண்டு முழுவதும் குறுந்தவணை உண்டியல்களின் விளைவும் நீண்ட முறிகளின் விளைவும் ஒரே அளவில் நகரவில்லை; ஆண்டு முடிவில் 91 நாள் உண்டியல் 364 நாள் உண்டியலை விட அதிக விளைவு தந்தது. உண்டியலின் ஏற்றத்தை எடுத்துப் பத்தாண்டு முறிக்குப் போட்டால் எவ்வளவு கன்வெக்சிட்டி சேர்த்தாலும் விலை தவறும்.

ஆகவே உங்கள் முறியின் எஞ்சிய தவணைக்கு நெருங்கிய முறியின் விளைவை எடுங்கள். இரண்டாந்தரச் சந்தையில் முதனிலை வணிகர்கள் தரும் வாங்கும், விற்கும் விளைவுகளை மத்திய வங்கி தன் இணையதளத்தில் வெளியிடுகிறது. விற்க நினைப்பவர் வணிகர் வாங்கும் விளைவைப் பார்க்க வேண்டும். அது இரண்டில் உயர்ந்தது, தரும் விலை தாழ்ந்தது. கலங்கிய சந்தையில் இரண்டுக்கும் இடைவெளி விரியும். அந்த இடைவெளியைச் சூத்திரம் அறியாது.

இன்னொரு எல்லையும் உண்டு. கூப்பனும் முதலும் சொன்ன நாளில் சொன்னபடி வரும் என்ற அடிப்படையில்தான் டியூரேஷனும் கன்வெக்சிட்டியும் நிற்கின்றன. 2023 இன் உள்நாட்டுப் படுகடன் உகமப்படுத்தலில் ஊழியர் சேமலாப நிதியம் உள்ளிட்ட ஓய்வூதிய நிதியங்களின் முறிகள் புதிய, நீண்ட தவணை முறிகளாக மாற்றப்பட்டன. கூப்பனும் தவணையும் மாறும்போது முறி வேறு முறியாகிறது. பழைய எண்களை விட்டுவிட்டுப் புதிய மூன்று விலைகளிலிருந்து தொடங்க வேண்டும்.

சங்கத்தின் முடிவு

கட்டுகஸ்தோட்டைச் சங்கம் மண்டபக் கூரையைத் திருத்த முறியை விற்க நினைக்கிறது. விளைவு 17 சதவீதம் என்று பொருளாளருக்குத் தெரியும். கண்டி நகரிலுள்ள வங்கிக் கிளையில் கேட்கிறார். 100 ரூபாவுக்கு 60 ரூபா என்று விலை வருகிறது.

டியூரேஷன் மட்டும் கணித்தவர் இதை ஏற்றுக்கொள்வார். அவருடைய தாளில் விலை 56.32, 60 என்பது அதைவிட 3.68 ரூபா கூடுதல். திருத்தம் சேர்த்தவரின் தாளில் வேலிகள் 56.32 உம் 69.28 உம், மடக்கை வழி 66.86. வந்த விலை வேலிகளுக்குள் கீழ்ப்பக்கம் ஒட்டிக் கிடப்பது அவருக்கு உடனே தெரியும். 60 ரூபா விலைக்கு ஒத்த விளைவு சுமார் 19.1 சதவீதம். அதாவது கேட்கப்படுவது சந்தை விளைவுக்கு மேல் இன்னும் 2 சதவீதம். 50 இலட்சம் முகப்பெறுமதியில் 66.88 க்கும் 60 க்கும் உள்ள வித்தியாசம் 3,44,000 ரூபா.

அதனால் அவர் கேட்க வேண்டிய கேள்வி விலை ஏன் குறைவு என்பதல்ல. இந்த விலை எந்த விளைவில் கணிக்கப்பட்டது என்பது. அதே நாளில் இன்னும் இரண்டு வணிகர்களிடமோ வங்கிகளிடமோ விளைவையே கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். கூரைக்கு 10 இலட்சம் போதும் என்றால் முழு முறியையும் விற்கத் தேவையில்லை. 66.88 ரூபா விலையில் 15 இலட்சம் முகப்பெறுமதியை விற்றால் 10,03,200 ரூபா வரும். டியூரேஷன் விலையை நம்பித் திட்டமிட்டிருந்தால் ஏறக்குறைய 18 இலட்சத்தை விற்க ஒதுக்கியிருப்பார்கள். அந்த மேலதிக 3 இலட்சத்தைக் கையில் வைத்திருந்தால், விளைவு 10 சதவீதத்துக்குத் திரும்பும் நாளில் 17 சதவீதத்தில் விற்றிருப்பதை விட ஏறக்குறைய ஒரு இலட்சம் ரூபா அதிகம் பெறும்.